ஏசி சேர்விஸ் பதிவில் மூன்று விலை போட்டேன், எல்லோரும் குறைந்ததையே கேட்கிறார்கள்

கல்லடிக்காரன்

வணக்கம். நானும் ஓர் உதவியாளருமாக மட்டக்களப்பு நகரிலும் அதைச் சுற்றியும் வீட்டு ஏசி சேர்விஸ் செய்து வருகிறோம். வெக்கையைக் கொண்டுவரும் கச்சான் காற்றுத் தொடங்குவதற்கு முன்னர் வேலை பிடித்துவிட வேண்டும் என்று எண்ணி, சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கையோடு முகநூலில் ஒரு பதிவு போட்டேன். சில்வர் 3,500 ரூபாய், கோல்ட் 6,500 ரூபாய், பிளாட்டினம் 9,500 ரூபாய் என்று மூன்று பொதிகளைக் குறிப்பிட்டு, சில்வரின் கீழ் நான்கு சரி அடையாளங்களும், கோல்டின் கீழ் ஏழும், பிளாட்டினத்தின் கீழ் பத்தும் வரும்படி ஒரு படத்தை வடிவமைத்து, கடைசி வரியில் மேலதிக விபரங்களுக்கு இன்பாக்ஸ் வரவும் என்று எழுதியிருந்தேன்.

மூன்று வாரத்தில் அறுபது பேரளவில் கேட்டார்கள். விலை படத்திலேயே இருந்தும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் "விலை?" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டார்கள். வேலையாக வந்தது 14 வீடுகள். அவற்றில் 11 வீடுகள் சில்வர். அந்த 11 பேரில் நால்வர் ஒரு வாரத்துக்குள் திரும்ப அழைத்து, முன்பிருந்த குறை அப்படியே இருக்கிறது என்றார்கள். நான்கு இடத்துக்கும் காசு வாங்காமல் இரண்டாம் முறை போய் வந்தேன். சில்வரை எடுத்துவிடுவதா, கோல்டின் விலையைக் குறைப்பதா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சந்தைமனம்

நான் முகாமைத்துவம் படிக்கும் மாணவன். இதற்கு விலையைக் குறைக்கத் தேவையில்லை, கூட்ட வேண்டும். மூன்று விலைகளை வைத்தால் மனிதர்கள் இரு முனைகளையும் விட்டு நடுவில் உள்ளதை எடுப்பார்கள் என்று இடமார் சைமன்சன் 1989 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை காட்டியிருக்கிறது. உங்கள் பிளாட்டினம் 9,500 என்பது போதிய அளவு உயரமாக இல்லாததால் கோல்ட் மலிவாகத் தெரியவில்லை. பிளாட்டினத்தை 14,500 ஆக்கிவிடுங்கள். அதை ஒருவரும் வாங்காவிட்டாலும் கோல்ட் மலிவாகத் தெரியும், ஆட்கள் அதை எடுப்பார்கள்.

காத்தான்குடி நானா

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நான் இதே தொழிலில் பல வருடம் இருக்கிறேன். விலையைப் பொதுவில் போட்டதுதான் நீங்கள் விட்ட பிழை. நீங்கள் 3,500 என்று போட்ட அன்றிரவே அடுத்த ஊரில் ஒருவர் 3,000 என்று போடுவார், அதற்கடுத்த நாள் இன்னொருவர் 2,500 என்பார். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் போனில் பேசித்தான் விலை சொல்வேன். ஏசி எந்த உயரத்தில் இருக்கிறது, எத்தனை வருடம் பழையது என்று தெரியாமல் விலை சொல்லக் கூடாது.

பழைய கணக்கு

தம்பி கல்லடிக்காரன், நான் கட்டாரில் ஏசி நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடம் விலைமனு எழுதும் வேலை பார்த்துவிட்டு, இப்போது கல்முனையில் இருக்கிறேன். விலையைத் தொடுவதற்கு முன்னர் இரண்டு விடயங்கள் தெரிய வேண்டும். ஒவ்வொரு பொதியிலும் நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள்? திரும்ப அழைத்த அந்த நால்வரும், முதன்முதலில் உங்களுக்குப் போன் எடுத்தபோது தங்கள் ஏசிக்கு என்ன குறை என்று சொன்னார்கள்?

கல்லடிக்காரன்

அண்ணன், சில்வரில் பில்டரைக் கழுவி, உள்பெட்டியின் கொயிலைப் பிரஷ்ஷால் துடைத்து, வெளிப்பெட்டிக்குத் தண்ணீர் அடிப்போம். முக்கால் மணித்தியாலத்தில் முடியும். கோல்டில் உள்பெட்டிக்கு உறை கட்டி, பம்பினால் கொயிலுக்குத் தண்ணீர் அடித்து, தண்ணீர்த் தட்டையும் வடிகுழாயையும் அடைப்பெடுப்போம். ஒன்றரை மணித்தியாலம் போகும். பிளாட்டினத்தில் உள்பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கி, காற்றுருளையைக் கழற்றி, இரசாயனம் போட்டுக் கழுவுவோம். அத்துடன் கேஸ் குறைந்திருந்தால் இலவசமாக நிரப்புவதாகவும் போட்டிருந்தேன்.

அந்த நால்வரில் மூவருக்கு உள்ளே தண்ணீர் சொட்டியது, ஒருவருக்கு நாற்றம். இருவர் அதைப் போனிலேயே சொன்னார்கள். எந்தப் பொதி வேண்டும் என்று நான் கேட்டேன், சில்வர் போதும் என்றார்கள். மற்ற இருவரிடம் நான் கேட்கவும் இல்லை.

பழைய கணக்கு

உங்கள் குறை அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் சொட்டும் ஏசிக்கு வடிகுழாய் அடைப்பெடுக்க வேண்டும், அது சில்வரில் இல்லை. நாற்றம் பெரும்பாலும் காற்றுருளையில் படிந்த பூஞ்சணத்தால் வருவது, அது கோல்டிலும் முழுமையாகப் போகாது. அந்த நால்வரும் தங்கள் குறையைத் தீர்க்காத வேலையைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், அவர்களில் இருவருக்கு நீங்கள் தெரிந்துகொண்டே விற்றிருக்கிறீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்பது புரிகிறது. உங்கள் பதிவு அவர்களிடம் எவ்வளவு செலவழிக்கப் போகிறீர்கள் என்று கேட்டதேயொழிய, ஏசிக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்ற பெயர்களைப் பார்க்கும் ஒருவர், மூன்றும் ஒரே வேலை, ஒன்றில் சற்றுக் கவனமாகவும் மற்றதில் சற்று அவசரமாகவும் செய்வார்கள் என்றே எடுத்துக்கொள்வார். நான்கு சரி, ஏழு சரி, பத்துச் சரி என்ற படமும் அந்த எண்ணத்தையே உறுதிப்படுத்துகிறது. கொயில், டிரெயின் பைப், புளோவர் என்று நீங்கள் எழுதியவற்றில் எது தன் வீட்டுக்குத் தேவை என்று ஒரு வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு விளங்கும் ஒரே வித்தியாசம் விலைதான், ஆகவே குறைந்த விலையை எடுக்கிறார். அவரைக் கஞ்சர் என்று சொல்ல முடியாது, அவருக்கு நீங்கள் கொடுத்த அளவுகோல் அது ஒன்றே.

ஆகவே பொதிகளை ஆள் கண்ணால் காணும் குறையிலிருந்து தொடங்கி எழுதுங்கள். குறை ஒன்றும் இல்லை, கழுவி நாளாகிவிட்டது என்பவருக்கு ஒன்று. தண்ணீர் சொட்டுகிறது அல்லது முன்பிருந்த குளிர் இல்லை என்பவருக்கு ஒன்று. நாற்றம் வருகிறது, அல்லது இரண்டு மூன்று வருடமாக ஒருவரும் திறக்கவில்லை என்பவருக்கு ஒன்று. விலை அதன் பிறகு வரட்டும். மாணவத் தம்பி சொன்ன ஆய்வு உண்மைதான், ஆனால் தனக்கு எது சரி என்று தீர்மானிக்க வழியில்லாதபோதுதான் ஒருவர் பயந்து நடுவைப் பிடிக்கிறார். இந்த வேலையில் தீர்மானிக்க வழி இருக்கிறது. நன்றாக இயங்கும் ஏசிக்குக் கோல்டை விற்றால் அடுத்த வருடம் அந்த வீடு உங்களை அழைக்காது. நாற்றம் உள்ள ஏசிக்குக் கோல்டை விற்றால் அடுத்த வாரமே அழைக்கும்.

சந்தைமனம்

ஏற்றுக்கொள்கிறேன். என்றாலும் பிளாட்டினத்தில் கேஸ் இலவசம் என்பது நல்ல கவர்ச்சி அல்லவா? வருடத்துக்கு ஒரு முறை கேஸ் நிரப்பத்தானே வேண்டும்? அதைப் பெரிதாகப் போட்டால் அந்தப் பொதி விற்கும்.

பழைய கணக்கு

வருடா வருடம் நிரப்ப வேண்டியது மோட்டார் சைக்கிள் டயருக்குக் காற்று. ஏசியின் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், கசிவை அடைக்காமல் நிரப்பினால் சில நாளிலோ சில மாதத்திலோ மறுபடியும் போய்விடும். கேஸ் இலவசம் என்று எழுதுவது இரண்டு விதமாகக் கெடுதல் செய்யும். கசிவுள்ள ஏசி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்தப் பொதியைத் தேடி வருவார்கள். கசிவைக் கண்டுபிடிப்பது, அடைப்பது, வெற்றிடம் பிடிப்பது, வெளிப்பெட்டியில் எழுதியிருக்கும் நிறையின்படி நிறுத்து ஏற்றுவது என்ற அத்தனை வேலையும் 9,500 ரூபாய்க்குள் உங்கள் தலையில் விழும். கசிவில்லாத ஏசி வைத்திருப்பவரோ கேஸ் ஏற்றித் தரவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார்.

கேஸ் எந்தப் பொதியிலும் சேராது என்று தெளிவாக எழுதுங்கள். எது சேராது என்பதை எழுத எல்லோரும் தயங்குகிறார்கள். ஆனால் வீட்டு வாசலில் நின்று வாக்குவாதப்படுவதெல்லாம் எழுதாமல் விட்டதைப் பற்றித்தான்.

திருக்கோவில் ரீச்சர்

வணக்கம். எங்கள் வீட்டு ஏசியிலும் இரண்டு கிழமையாகத் தண்ணீர் சொட்டுகிறது, கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். தையில்தான் கழுவினோம். இரவில் வெளிப்பெட்டிக்குப் போகும் மெல்லிய குழாயில் வெள்ளையாக ஐஸ் பிடித்திருப்பதை மகன் காட்டினான். இங்கே சொல்லப்பட்டதைப் பார்த்தால் எனக்குக் கோல்ட் பொதி தேவை போலிருக்கிறது. திருக்கோவிலுக்கு வருவீர்களா, 6,500 ரூபாய்தானா?

கல்லடிக்காரன்

ரீச்சர், இது பதிவு எழுதும் முறையைப் பற்றிய இழை, என்றாலும் பரவாயில்லை. குழாயில் ஐஸ் பிடித்திருந்தால் நீங்கள் இப்போது எந்தப் பொதியும் எடுக்க வேண்டாம். ஏசியை நிறுத்தி ஐஸ் முழுதும் உருகவிட்டு, பில்டரைக் கழுவிப் போட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள். பில்டர் அடைபட்டுக் காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் பிடிக்கும், அது உருகித்தான் உள்ளே சொட்டும். பில்டர் சுத்தமாக இருந்தும் மீண்டும் ஐஸ் பிடித்தால் கேஸ் கசிவாக இருக்கலாம், அதற்குக் கழுவுவதால் பயனில்லை. அக்கரைப்பற்றில் உங்களுக்குக் கிட்டவே ஆட்கள் இருக்கிறார்கள், முதலில் கசிவைப் பார்க்கச் சொல்லி அழையுங்கள்.

பழைய கணக்கு

ரீச்சர் தவறான இடத்தில் கேட்டாலும் நமக்கு நன்மை செய்திருக்கிறார். தண்ணீர் சொட்டினால் இரண்டாவது பொதி என்று நான் சொன்னதை அப்படியே பதிவாகப் போட்டிருந்தால், அவர் 6,500 ரூபாயை வீணாக்கியிருப்பார். ஒரே குறைக்கு இரண்டு காரணம் இருக்கும் இடங்களில் பதிவு தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஒரு கேள்வியை மட்டும் வைக்க வேண்டும். குழாயில் ஐஸ் பிடித்திருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. ஆம் என்றால் பொதி இல்லை, வந்து பார்க்கும் கட்டணம் மட்டும்.

பாசிக்குடா விடுதி

எங்களிடம் ஒன்பது அறைகளில் ஒன்பது ஏசி இருக்கிறது. இப்படிப்பட்ட பதிவுகளைப் பார்த்தால் நான் கேட்காமலே கடந்து போய்விடுவேன், ஏனென்றால் 3,500 என்பது ஒரு ஏசிக்கா, ஒரு வருகைக்கா என்று எங்கும் இருக்காது. பயணச் செலவும் தெரியாது. பேசிப் பேசிக் கடைசியில் போட்ட விலை ஒன்று, வாங்கும் விலை ஒன்றாக இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலோரத்தில் எங்கள் வெளிப்பெட்டிகளின் தகடுகள் உப்பினால் பொடிந்து உதிர்கின்றன. எங்களுக்குத் தேவை உள்பெட்டிக்கு வருடத்துக்கு ஒரு பெரிய கழுவல் அல்ல, வெளிப்பெட்டிக்கு அடிக்கடி நல்ல தண்ணீர் அடிப்பது. அதற்கு ஒருவரும் பொதி வைத்திருப்பதில்லை.

காத்தான்குடி நானா

விடுதிக்காரர் சொல்வது சரி. ஆனால் அது விலையைப் பேசித்தான் சொல்ல வேண்டும் என்ற என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது. ஒன்பது ஏசி உள்ளவருக்கும் ஒன்று உள்ளவருக்கும் ஒரே பதிவில் எப்படி விலை எழுத முடியும்?

பழைய கணக்கு

எழுத வேண்டியதில்லை, நானா. வீட்டுக்காரருக்கு விலையை எழுதி, விடுதிகளுக்கும் கடைகளுக்கும் வந்து பார்த்து எழுத்தில் விலை தருவோம் என்று ஒரு வரி போட்டால் போதும். கட்டாரிலும் நாங்கள் அப்படித்தான் செய்தோம். எண்ணி விற்கக்கூடிய வேலைக்கு விலை, எண்ண முடியாததற்கு வருகை.

கல்லடிக்காரன்

எல்லோரும் சொன்னதை வைத்துப் புதிதாக எழுதியிருக்கிறேன். படம் வடிவமைக்காமல் வெறும் எழுத்தாகவே போடலாம் என்று நினைக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

> உங்கள் ஏசிக்கு எந்த வேலை தேவை?
>
> ஏசி நன்றாக இயங்குகிறது, கழுவி ஆறு மாதம் ஆகிவிட்டது என்றால் சாதாரண கழுவல் போதும். 3,500 ரூபாய், முக்கால் மணித்தியாலம். தண்ணீர் சொட்டுவதோ நாற்றமோ இதில் தீராது.
>
> உள்ளே தண்ணீர் சொட்டுகிறது, அல்லது முன்பிருந்த குளிர் இல்லை என்றால் வடிகுழாய் அடைப்பெடுப்புடன் கூடிய அழுத்தக் கழுவல் தேவைப்படலாம். 6,500 ரூபாய், ஒன்றரை மணித்தியாலம். செப்புக் குழாயில் ஐஸ் பிடித்திருந்தால் இதை எடுக்க வேண்டாம், எங்களுக்குச் சொல்லுங்கள். வந்து பார்க்க 1,500 ரூபாய்.
>
> நாற்றம் வருகிறது, அல்லது இரண்டு வருடத்துக்கு மேலாகத் திறக்கவில்லை என்றால் உள்பெட்டியை இறக்கி முழுமையாகக் கழுவ வேண்டும். 9,500 ரூபாய், மூன்று மணித்தியாலம்.
>
> இவை 12,000 பிடியூ வரையுள்ள ஓர் ஏசிக்கான விலைகள். மாமாங்கத்திலிருந்து ஆரையம்பதி வரை பயணச் செலவு இல்லை. கேஸும் உதிரிப்பாகமும் எந்த விலையிலும் சேராது. தேவைப்பட்டால் முதலில் விலை சொல்லி, நீங்கள் சம்மதித்த பின்னரே செய்வோம். வந்து பார்த்ததும் பெரிய வேலை தேவை என்று தெரிந்தால் வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் போதும்.
>
> வாட்ஸ்அப்பில் மூன்று விடயங்களை அனுப்புங்கள்: ஏசிக்கு என்ன குறை, கடைசியாக எப்போது கழுவியது, வெளிப்பெட்டி இருக்கும் இடத்தின் ஒரு படம்.

பழைய கணக்கு

நன்றாக இருக்கிறது. முதல் வேலையின் கீழ் எது தீராது என்று நீங்களே எழுதியிருப்பது இந்தப் பதிவின் மிகப் பெறுமதியான வரி, எவர் என்ன சொன்னாலும் அதை எடுத்துவிடாதீர்கள். வெளிப்பெட்டியின் படத்தைக் கேட்டதும் நல்லது. ஏணி வேண்டுமா, இரண்டாம் மாடியில் தொங்குகிறதா என்பது அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும், நானா பயப்படுகிற உயரப் பிரச்சினையும் வாசலுக்குப் போகும் முன்னரே தீரும்.

இரண்டு இடத்தைத் திருத்துங்கள். பிடியூ என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வழமையான படுக்கையறை ஏசி என்று எழுதி, கூடத்துக்குப் போட்ட பெரிய ஏசிக்கு எவ்வளவு கூடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மற்றது அந்த 1,500. வேலையை உங்களிடமே கொடுத்தால் அது கழியுமா கழியாதா என்று ஒருவர் நிச்சயமாகக் கேட்பார்.

சந்தைமனம்

எனக்கு ஒரு சந்தேகம். 3,500 முதலில் நிற்கிறது, படிப்பவர் மனத்தில் அந்த எண்தான் பதியும். 9,500 ஐ மேலே வைத்து இறங்கி வந்தால் மற்றவை மலிவாகத் தெரியாதா?

பழைய கணக்கு

தெரியலாம். ஆனால் குறை இல்லாத ஏசி வைத்திருப்பவர் முதல் வரியில் நாற்றத்தைப் பற்றிப் படித்தால் இது எனக்கல்ல என்று போய்விடவும் கூடும். இதை இங்கே பேசித் தீர்க்க முடியாது தம்பி, இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கல்லடிக்காரன்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். வழமையான படுக்கையறை ஏசி என்று மாற்றி, பெரிய ஏசிக்கு 1,500 கூடுதல் என்றும், வேலை கொடுத்தால் பார்வைக் கட்டணம் கழியும் என்றும் சேர்த்துப் போட்டேன்.

கேட்டவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, நாற்பதுக்குச் சற்று மேல்தான். முதல் வாரம் பயந்துபோய்ப் பழைய படத்தைத் திரும்பப் போடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோர் குறையைச் சொல்லியே தொடங்கினார்கள், 19 வீடுகள் வேலையாக வந்தன. சாதாரண கழுவல் 8, அழுத்தக் கழுவல் 7, முழுக் கழுவல் 4. திரும்ப அழைத்தவர் ஒருவர்தான். அவர் நாற்றத்தைச் சொல்லாமல் சாதாரண கழுவல் எடுத்தவர், பதிவைக் காட்டியதும் வித்தியாசத்தைத் தந்துவிட்டார். கச்சான் தொடங்கிவிட்டதால் எப்படியும் வேலை கூடும் காலம் இது என்பதையும் சொல்லிவிட வேண்டும், எல்லாம் பதிவினால் வந்தது என்று நான் உரிமை கோரமாட்டேன்.

காத்தான்குடி நானா

நான் சொன்னது நடந்ததா இல்லையா? உங்கள் பதிவை வரிக்கு வரி எடுத்து, ஒவ்வொன்றிலும் 500 ரூபாய் குறைத்து ஒருவர் போட்டிருப்பதை நேற்றுப் பார்த்தேன்.

கல்லடிக்காரன்

நானும் பார்த்தேன், நானா. எது தீராது என்ற வரியையும் கேஸ் சேராது என்ற வரியையும் விட்டுவிட்டு மற்றதை எடுத்திருக்கிறார். அது அவருக்கு நன்மையா தீமையா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் இந்த வாரம் என்னிடம் வந்த இருவர் அவருடைய விலையைக் காட்டிக் குறைக்கச் சொன்னார்கள். ஒருவருக்குக் குறைத்தேன், ஒருவருக்கு மறுத்தேன். எது சரி என்று இன்னும் பிடிபடவில்லை.

பாசிக்குடா விடுதி

தம்பி, வந்து பார்த்து எழுத்தில் விலை தருவோம் என்ற வரியை உங்கள் பதிவில் காணவில்லையே? பழைய கணக்கு ஐயா சொன்ன பிறகும் விட்டுவிட்டீர்கள். நான் இன்னும் காத்திருக்கிறேன்.

கல்லடிக்காரன்

மன்னிக்க வேண்டும் ஐயா, அது என் கவனக்குறைவு. இன்றே சேர்த்துவிடுகிறேன். வியாழக்கிழமை வாழைச்சேனையில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு அப்படியே வந்து ஒன்பதையும் பார்க்கிறேன். வெளிப்பெட்டிகளுக்கு மாதமொரு முறை தண்ணீர் அடிப்பதற்குத் தனி விலை, உள்பெட்டிக் கழுவலுக்குத் தனி விலை என்று பிரித்தே எழுதித் தருகிறேன்.

திருக்கோவில் ரீச்சர்

பில்டரைக் கழுவிய பின்னரும் ஐஸ் பிடித்தது. அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர் வெளிப்பெட்டியில் குழாய் பொருத்தும் திருகாணியில் கசிவு இருந்ததாகச் சொல்லி அடைத்துத் தந்தார். வாளியை எடுத்துவிட்டேன். நன்றி.